ஒரு நாள் பாடு, ஏழு பங்கு: சங்கச் செயலாளரின் கடிதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர், ஒரு படகின் ஒரு நாள் பாட்டை, அதாவது அன்று வலையில் கிடைத்த மீனை, ஏலம் விட்டு வந்த தொகை எவ்வாறு பங்கிடப்படும் என்பதை அப்படகில் தொழிலுக்குச் சென்றவர்களின் குடும்பங்களுக்கு விளக்கி ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இரண்டு முறை எழுதப்பட்டது. முதல் கடிதத்தில் ஒரு பங்கின் மதிப்பு 3,200 என்று இருந்தது. மறுநாள் திருத்தி எழுதப்பட்ட கடிதத்தில் அதுவே 4,000 ஆயிற்று. மீன் அதே மீன், ஏலம் அதே ஏலம், படகுக்குப் பாதி தொழிலாளருக்குப் பாதி என்ற ஒப்பந்தமும் மாறவில்லை. அப்படியிருக்க இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. சங்கத்தின் கணக்குகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் அப்போது நான் இருந்தேன். முதல் கடிதம் வெளியே போகும் முன் அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை. தொகைகளை நாணயத்தின் பெயர் சேர்க்காமல் எண்களாக மட்டும் தருகிறேன், ஏனெனில் எந்த நாணயத்திலும் கணக்கின் போக்கு ஒன்றுதான்.

படகில் அன்று ஆறு பேர் இருந்தனர். படகை நடத்தும் தண்டலுக்கு இரண்டு பங்கு, இயந்திரம் பார்ப்பவருக்கு ஒன்றரைப் பங்கு, வலைத்தொழிலாளர் மூவருக்குத் தலைக்கு ஒரு பங்கு, புதிதாகத் தொழில் பழகும் இளைஞருக்கு அரைப் பங்கு என மொத்தம் ஏழு பங்கு. உரிமையாளர் கரையில் இருப்பவர். படகுக்கும் வலைக்கும் உரிய பாதி அவருடையது. பங்கு முறையில் கூலி பெறும் படகுகளில் இப்படிப்பட்ட அமைப்பு பரவலாகக் காணப்படுவதுதான். கடலில் கிடைப்பது நாளுக்கு நாள் மாறுவதால், நாட்கூலியாக ஒரு தொகையைப் பேசி வைத்தால் பாடில்லாத நாளில் உரிமையாளரும், நல்ல பாடு கிடைத்த நாளில் தொழிலாளரும் இழப்பார்கள். அந்த ஏற்ற இறக்கத்தை இருவரும் சேர்ந்து தாங்குவதற்காகவே பங்கு முறை இருக்கிறது. ஆனால் கூலியை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பங்கை அப்படி வாங்க முடியாது. அது இன்னொருவர் போட்ட கணக்கின் கடைசி வரி. அதற்கு மேலே உள்ள வரிகளைப் பார்க்காதவருக்கு அந்தக் கடைசி வரி சரியா தவறா என்று சொல்லவே வழியில்லை.

முதல் கடிதத்தில் மேலே வரிகளே இல்லை. ஏலத்தொகை 96,000, சங்கத் தரகும் செலவும் போக மீதி 44,800, தொழிலாளர் பாதி 22,400, ஏழு பங்குக்கு வகுத்தால் பங்கு ஒன்றுக்கு 3,200 என்ற அளவோடு அது முடிந்தது. கூட்டலிலோ வகுத்தலிலோ பிழை எதுவும் இல்லை. அதனால்தான் செயலாளருக்கும் அதில் குறை எதுவும் தோன்றவில்லை. அன்று மாலை வலைத்தொழிலாளர் ஒருவரின் மனைவி சங்க அலுவலகத்துக்கு வந்து கேட்ட கேள்வியே இந்த நிகழ்வைத் தொடங்கி வைத்தது. “அண்ணே, போன தடவையும் இதே தூரந்தானே போனாங்க, அப்ப இவ்வளவு செலவு வரலையே?” என்று அவர் கேட்டார். முந்தைய பயணத்தின் செலவு சுமார் 35,000 என்பது அவருக்கு நினைவிருந்தது. இந்த முறை தரகு 4,800 நீங்கலாகவே 46,400 கழிக்கப்பட்டிருந்தது.

செயலாளர் செலவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். டீசல் 26,400, இதை இயந்திரம் பார்ப்பவரின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டபோது இயந்திரம் ஓடியது 22 மணி நேரம், மணிக்கு 12 லிட்டர் வீதம் 264 லிட்டர், லிட்டருக்கு 100 என்று தொகை அப்படியே பொருந்தியது. டீசல்தான் செலவில் பெரிய பங்கு என்பதால் சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சீட்டில் உள்ள லிட்டரையும் இயந்திரம் ஓடிய மணி நேரத்தையும் அடுத்தடுத்து வைத்தால், அளவுக்கு மீறிய சீட்டு உடனே தெரிந்துவிடும். ஐஸ் 4,800, படகில் சாப்பாட்டுச் செலவு 2,600, மீன் இறக்கும் கூலி 1,400. இவை நான்கும் சேர்ந்து 35,200. மீதி 11,200-க்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று கிழிந்த வலைக்குப் பதிலாக வாங்கிய புதிய வலைத்துண்டுக்கான 8,400, மற்றொன்று இயந்திரத்துக்கு வாங்கிய உதிரிப்பாகத்துக்கான 2,800. இரண்டும் போலிச் சீட்டுகள் அல்ல. பொருள் வாங்கப்பட்டது உண்மை, வலையும் அதே பயணத்தில்தான் பாறையில் மாட்டிக் கிழிந்தது. ஆகவே அது அந்தப் பயணத்தின் செலவே என்று உரிமையாளர் வாதிட்டார்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். பயணத்தில் நேர்ந்த செலவு எல்லாம் பயணச் செலவு என்பது காதுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் படகுக்கு ஏன் பாதி தரப்படுகிறது என்று கேட்டால் விடை மாறுகிறது. படகும் வலையும் இயந்திரமும் தேயும், கிழியும், பழுதாகும். அவற்றைத் தொழிலுக்குத் தகுதியாக வைத்திருப்பதற்கும், அவற்றில் போட்ட முதலுக்கு வருவாயாகவும்தான் அந்தப் பாதி பேசப்பட்டது. வலைத்துண்டின் விலையைப் பொதுச் செலவில் கழித்துவிட்டுப் பிறகு வலைக்கென்று பாதியையும் எடுத்தால், தொழிலாளர் ஒரே வலைக்கு இரண்டு முறை கொடுத்தவர்கள் ஆகிறார்கள். அதிலும் கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து பொத்தி, புதுத் துண்டை அதனோடு இணைத்தவர்களும் அவர்களேதான். அந்த இரண்டு நாள் வேலைக்குத் தனிக் கூலி இல்லை. இதை அந்தப் பெண்மணி சொன்னபோது அலுவலகத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பிரிக்கும் கோட்டைச் செயலாளர் கடைசியில் இப்படி வகுத்தார்: படகு கரைக்குத் திரும்பும்போது எது தீர்ந்து போயிருக்குமோ அது பயணச் செலவு, எது அடுத்த பயணத்துக்கும் இருக்குமோ அது படகின் செலவு. டீசல் எரிந்துவிடும், ஐஸ் கரைந்துவிடும், சாப்பாடு தீர்ந்துவிடும், இறக்கும் கூலி அன்றோடு முடிந்துவிடும். புது வலைத்துண்டும் உதிரிப்பாகமும் அடுத்த பத்துப் பயணத்துக்கும் இருக்கும். கடலில் இருக்கும்போதே சிறு கிழிசலைத் தைக்கச் செலவான நூல் போன்றவை இந்தக் கோட்டின் மேலேயே விழும்; அவற்றைப் பயணச் செலவில் வைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அந்தத் தொகை சிறியது, அதற்காகச் சண்டையிடுவதில் பொருளில்லை.

11,200 பொதுச் செலவிலிருந்து நீங்கியதும் தொழிலாளர் பாதி 22,400-லிருந்து 28,000 ஆனது, பங்கு 4,000 ஆனது. இந்த இடத்தில் உரிமையாளர் வேறொரு வழியை முன்வைத்தார். பழுதுச் செலவைப் பொதுவிலேயே வைத்துக்கொண்டு, தொழிலாளருக்குப் பாதிக்குப் பதில் நூற்றுக்கு 60 தருகிறேன் என்றார். கேட்டவுடன் தொழிலாளர் சிலர் சம்மதிக்கத் தயாராக இருந்தனர், ஏனெனில் 50-ஐ விட 60 பெரிய எண். கணக்குப் போட்டால் 44,800-இல் நூற்றுக்கு 60 என்பது 26,880, பங்கு 3,840. விகிதம் கூடியும் கைக்கு வருவது 160 குறைகிறது. ஆயினும் இது எல்லா நாளுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழுதே இல்லாத நாளில் அதே 60 விகிதம் 33,600 தரும், பங்கு 4,800 ஆகும். இந்தப் பாட்டுக்குப் பழுதுச் செலவு ஏறக்குறைய 9,300-ஐத் தாண்டினால் பாதி முறை தொழிலாளருக்கு நல்லது, அதற்குக் கீழே இருந்தால் 60 முறை நல்லது. எனவே எது நியாயம் என்பதை ஒரு நாள் கணக்கைக் கொண்டு தீர்க்க முடியாது. ஆனால் பழுதுக்கு எப்போது, எவ்வளவு செலவிடுவது என்று முடிவெடுப்பவர் உரிமையாளர். முடிவு ஒருவர் கையில் இருக்க, செலவின் பெரும்பகுதி மற்றவர் தலையில் விழும் ஏற்பாடு நாளடைவில் கசப்பையே வளர்க்கும் என்பது என் கருத்து. தொழிலாளர் பாதியையே தேர்ந்தெடுத்தனர்.

இத்தனைக்குப் பிறகு மறுநாள் எழுதப்பட்ட கடிதத்தை, பெயர்களை நீக்கிவிட்டுக் கீழே தருகிறேன்.

“படகில் தொழிலுக்குச் சென்றவர்களின் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று நான் அனுப்பிய கடிதத்தில் ஒரு பங்கு 3,200 என்று குறிப்பிட்டிருந்தேன். அது தவறு. சரியான தொகை 4,000. தவறு எப்படி நேர்ந்தது என்பதையும், சரியான கணக்கையும் நீங்களே போட்டுப் பார்க்கும்படி முழுமையாக எழுதுகிறேன்.

கரைக்கு வந்த மீன் 16 பெட்டி. பெட்டியோடு சேர்த்து எடை 432 கிலோ. வெறும் பெட்டியின் எடை பெட்டிக்கு 2 கிலோ வீதம் 32 கிலோவைக் கழித்தால் மீன் 400 கிலோ. இதில் பெரிய மீன் 120 கிலோ, கிலோவுக்கு 400 வீதம் 48,000. நடுத்தர மீன் 200 கிலோ, 210 வீதம் 42,000. கலப்பு மீன் 80 கிலோ, 75 வீதம் 6,000. மொத்த ஏலத்தொகை 96,000. வீட்டுக்காக ஆறு பேருக்கும் சமமாகக் கொடுத்த மீன் எடை போடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. அது இந்தக் கணக்கில் இல்லை.

ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 சங்கத்துக்குரிய தரகு. அது 4,800. இந்த ஐந்தில் ஒன்று, அதாவது 960, காயமுற்றோர் உதவி நிதிக்குப் போகிறது. தரகு போக மீதி 91,200.

பயணச் செலவு டீசல் 26,400, ஐஸ் 4,800, சாப்பாடு 2,600, இறக்கும் கூலி 1,400, ஆக 35,200. இதைக் கழித்தால் 56,000. இதில் பாதி 28,000 படகுக்கும் வலைக்கும், பாதி 28,000 தொழிலாளருக்கும் உரியது. நேற்றைய கடிதத்தில் வலைத்துண்டு வாங்கிய 8,400-ஐயும் இயந்திர உதிரிப்பாகம் வாங்கிய 2,800-ஐயும் பயணச் செலவில் சேர்த்துவிட்டேன். அவை படகின் பாதியிலிருந்து செலவிட வேண்டியவை. உரிமையாளரும் இதை ஏற்றுக்கொண்டுள்ளார்.

தொழிலாளர் பாதி 28,000-ஐ ஏழு பங்காக்கினால் பங்கு ஒன்றுக்கு 4,000. தண்டலுக்கு 8,000, இயந்திரம் பார்ப்பவருக்கு 6,000, வலைத்தொழிலாளர் மூவருக்கும் தலைக்கு 4,000, தொழில் பழகுபவருக்கு 2,000.

கடந்த பயணத்தில் கையில் காயமுற்று இப்போது வீட்டில் இருக்கும் தொழிலாளரின் குடும்பத்துக்கு அரைப் பங்கு, 2,000, உதவி நிதியிலிருந்து தரப்படும். இது உங்கள் ஏழு பங்கில் கை வைக்காது.

முன்பணம் பெற்றவர்களின் கழிவு அவரவர் தனிச் சீட்டில் மட்டும் இருக்கும். ஒருவர் வாங்கிய முன்பணம் மற்றவர் பங்கைக் குறைக்காது. ஒரு பயணத்தில் பங்கின் நாலில் ஒரு பகுதிக்கு மேல் கழிக்கப்பட மாட்டாது.

தொகை நாளை காலை முதல் சங்க அலுவலகத்தில் வழங்கப்படும். தொழிலாளர் எழுதிக் கொடுத்துள்ள பெயருக்குரியவர் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம். எடைச் சீட்டு, ஏலச் சீட்டு, செலவுச் சீட்டு அனைத்தும் மேசையில் இருக்கும். வாங்குவதற்கு முன்பும் வாங்கிய பின்பும் பார்க்கலாம், கேட்கலாம்.”

கடிதம் இவ்வளவுதான். இதில் கூறப்பட்டுள்ள சிலவற்றுக்குப் பின்னால் உள்ள காரணங்கள் கடிதத்தில் இல்லை என்பதால் அவற்றை இங்கே விளக்குகிறேன்.

வெறும் பெட்டியின் எடையைக் கடிதத்தில் எழுத வேண்டுமா என்று செயலாளர் முதலில் தயங்கினார். எழுத வைத்தது ஒரு சிறு சோதனை. அதுவரை பெட்டிக்கு இரண்டரைக் கிலோ கழிப்பதே வழக்கமாக இருந்தது. யார் எப்போது அளந்தார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. இந்தப் பாட்டை எடை போடும் முன் தண்டல், கழுவி ஈரம் சொட்டிய ஐந்து பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தராசில் அடுக்கினார். முள் 10 கிலோவில் நின்றது. பெட்டிக்கு இரண்டு கிலோ. அரைக் கிலோ வேறுபாடு என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை. 16 பெட்டிக்கு அது 8 கிலோ மீன், நடுத்தர மீனாகக் கொண்டாலே 1,680. ஒவ்வொரு பயணத்திலும் பங்கு பிரிக்கத் தொடங்கும் முன்பே அந்தத் தொகை காணாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியை ஈரத்தோடு அளக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் மீனோடு தராசில் ஏறும்போது பெட்டி ஈரமாகத்தான் இருக்கும். உள்ளே கரையாமல் தங்கிய ஐஸ் வேறு விஷயம். அதைக் கொட்டிவிட்டுத்தான் எடை போட வேண்டும், இல்லையென்றால் ஏலத்தில் எடுப்பவர் அதை மனத்தில் வைத்து விலையைக் குறைத்தே கேட்பார்.

முன்பணத்தைத் தனிச் சீட்டுக்கு மாற்றியதற்கும் காரணம் உண்டு. வலைத்தொழிலாளர் ஒருவர் பயணத்துக்கு முன் 1,500 வாங்கியிருந்தார். முந்தைய நாட்களில் இத்தகைய தொகைகள் பயணச் செலவோடு சேர்த்தே கழிக்கப்பட்டன. பிறகு அவரவரிடம் திரும்பப் பெற்று எல்லோருக்கும் பிரித்துத் தருவதாக ஏற்பாடு. திரும்பப் பெறுவது தாமதமாகும், பிரித்துத் தருவது மறந்துபோகும். இப்போது அவருடைய 4,000-இல் நாலில் ஒரு பகுதியான 1,000 கழிந்து, 3,000 வீட்டுக்குப் போனது. மீதி 500 அடுத்த பயணத்துக்கு நின்றது. பொதுக் கடிதத்தில் இதை எழுதியிருந்தால் ஒரு குடும்பத்தின் கடன் எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவருடைய இல்லாமையை வெளிப்படுத்த வேண்டியதில்லை.

கடிதத்தைத் தொழிலாளருக்கு எழுதாமல் குடும்பத்துக்கு எழுதியது ஏன் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கடலுக்குப் போகிறவர் பெரும்பாலும் கரையில் இருப்பதில்லை. வீட்டுக் கணக்கைப் பார்ப்பவர் கரையில் இருப்பவர். கேள்வி கேட்கும் நேரமும் நினைவும் அவருக்கே அதிகம் என்பதை இந்த நிகழ்வே காட்டியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் ஏற்றுக்கொண்ட, 2017-இல் நடைமுறைக்கு வந்த 188-ஆம் எண் மீன்பிடித் தொழில் உடன்படிக்கையிலும் இதற்கு இணையான இரண்டு விதிகள் உள்ளன. பங்கு முறையில் கூலி பெறுபவரின் பணி ஒப்பந்தத்தில் பங்கின் அளவும் அதைக் கணக்கிடும் முறையும் எழுதப்பட வேண்டும் என்பது ஒன்று. தொழிலாளர் தமக்குரிய தொகையை முழுவதுமாகவோ பகுதியாகவோ செலவின்றிக் குடும்பத்துக்கு அனுப்ப வழி செய்யப்பட வேண்டும் என்பது மற்றொன்று. அந்த உடன்படிக்கை அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளையே கட்டுப்படுத்தும். இருந்தாலும் கணக்கிடும் முறையை எழுத்தில் வைக்கச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இந்தச் சங்கத்தில் அதுவரை அந்த முறை யாருடைய ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்பட்டிருந்தால் முதல் கடிதமே சரியாக அமைந்திருக்கும்.

உரிமையாளரின் நிலையையும் இங்கே பதிவு செய்வது நியாயம். திருத்திய கணக்கின்படி அவருக்கு 28,000 வந்தது. அதில் பழுதுக்கு 11,200 போயிற்று. படகுக்காகச் சங்கத்தில் வாங்கிய கடனின் தவணை 7,000 போயிற்று. கையில் நின்றது 9,800. தண்டலின் 8,000-ஐ விட அது சிறிதே அதிகம். பழுதைப் பொதுவில் தள்ள அவர் முயன்றது பேராசையால் மட்டும் அல்ல. தவணை நாள் நெருங்கியிருந்தது. செயலாளர் இதைக் கவனித்து, பழுது பெரிதாக வரும் மாதத்தில் தவணையைப் பாதியாகக் குறைத்து மீதியைப் பின்னுக்குத் தள்ளலாம் என்று சங்கக் குழுவில் முடிவு எடுக்க வைத்தார். தொழிலாளர் பங்கைத் தொடாமலேயே உரிமையாளரின் நெருக்கடியைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. அது இவ்வளவு நாளும் யாருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் கடன் கணக்கும் பங்குக் கணக்கும் வெவ்வேறு பேரேடுகளில் இருந்தன.

இரண்டாவது கடிதத்திலும் ஒரு குறை இருந்தது. அது அடுத்த பயணத்தில்தான் வெளிப்பட்டது. அன்று பாடு இல்லை. ஏலத்தொகை 34,000, தரகு 1,700 போக 32,300. பயணச் செலவு 34,400. இறக்கும் கூலி மட்டும்தான் குறைந்திருந்தது, டீசலும் ஐஸும் மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே செலவுதான். 2,100 நட்டம். முன்பெல்லாம் இப்படிப்பட்ட நாளில் கடிதம் எழுதும் வழக்கமே இல்லை. பங்கிட ஒன்றுமில்லை என்பதால் சொல்லவும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். பிறகு நல்ல பாடு வரும்போது பழைய நட்டம் கழிவில் வந்து நிற்கும், எந்த நாளின் நட்டம், எவ்வளவு என்று யாருக்கும் நினைவிருக்காது. இம்முறை செயலாளர் அன்று மாலையே கடிதம் அனுப்பினார். நட்டத்துக்காக எந்தக் குடும்பத்திடமும் பணம் கேட்கப்படாது என்றும், 2,100 அடுத்த பயணத்தின் கணக்கில் பாதி பிரிப்பதற்கு முன் கழிக்கப்படும் என்றும், அதனால் தொழிலாளர் தரப்பில் குறைவது 1,050, பங்கு ஒன்றுக்கு 150 என்றும் அதில் எழுதினார். பிரிப்பதற்கு முன் கழிப்பதால் நட்டத்தின் பாதி படகின் மேலும் விழுகிறது. பிரித்த பின் தொழிலாளர் பங்கில் மட்டும் கழித்திருந்தால் பங்குக்கு 300 குறைந்திருக்கும்.

காயமுற்றவரின் உதவித் தொகையை எழுத வந்தபோதுதான் பேனா நின்றது. விதிப்படி அவருக்கு அந்த நாளின் அரைப் பங்கு. அந்த நாளின் பங்கு பூஜ்யம். அதில் பாதியும் பூஜ்யம். கடலுக்குப் போனவர்களுக்காவது வீட்டுக்குக் கொஞ்சம் மீன் கிடைத்தது. கையில் கட்டுப் போட்டு வீட்டில் இருந்தவருக்கு அதுவும் இல்லை. உதவி மிகவும் தேவைப்படும் நாளில் உதவி இல்லாமல் போகும்படி அந்த விதி அமைந்திருந்தது. செயலாளர் அன்று இரவே குழு உறுப்பினர்களை அழைத்துப் பேசினார். உதவித் தொகையை ஒரு நாளின் பங்கோடு கட்டாமல், முந்தைய பத்துப் பயணங்களின் சராசரிப் பங்கில் பாதி என்று மாற்றினர். சராசரி 2,900 வந்தது, உதவி 1,450.

இதில் நிதியின் கணக்கையும் பார்த்தாக வேண்டும். நல்ல பாட்டு நாளில் ஒரு படகிலிருந்து நிதிக்கு வருவது 960, பாடில்லாத நாளில் 340. ஒருவருக்குக் கொடுப்பது பயணத்துக்கு 1,450. ஒரே படகின் பணத்தை நம்பி இந்த உதவி நிற்காது. நல்ல நாட்களிலேயே இரண்டு படகு போதும், மெலிந்த நாட்கள் தொடர்ந்தால் ஐந்து படகின் தொகை சேர்ந்தால்தான் ஒருவரைத் தாங்க முடியும். சங்கத்தில் அப்போது பதினொரு படகுகள் இருந்தன. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மட்டும், ஒருவருக்கு அதிகபட்சம் பன்னிரண்டு வாரம் என்று எல்லை வகுத்து அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதினார்கள். மூன்றாவது ஒருவர் காயமுற்றால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் குழுவிடம் விடை இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அது ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் காலை, பங்கு எதுவும் இல்லாத அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, முதல் கேள்வி கேட்ட அதே பெண்மணி மீண்டும் அலுவலகத்துக்கு வந்தார். கடிதத்தின் பின்பக்கத்தில் அவரே பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். 34,400, 32,300, 2,100, 1,050, 150 என்று ஐந்து எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஐஸ் சீட்டை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். செயலாளர் எடுத்துக் கொடுத்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.